கையில் 23,000, அதில் பைக் தின்பது எவ்வளவு?

"வணக்கம் சார். வயது 27, ஈரோடு வீரப்பன்சத்திரத்தில் இருக்கிறேன். ஒரு ஜவுளி மொத்தக் கடையில் கணக்கு எழுதுகிறேன். பி.எஃப்., இ.எஸ்.ஐ. போகக் கையில் 17,200 வருகிறது. சைக்கிளில் பத்து நிமிடத்தில் கடை, மதியம் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போவேன். இப்போது ஒரு குழுக்கடன் நிறுவனத்தில் ஃபீல்டு ஆபீசர் வேலை வந்திருக்கிறது, பவானி கிளை. கையில் 23,000 வரும், பெட்ரோல் அலவன்ஸ் 2,500 அதற்குள் அடக்கம் என்கிறார்கள். சொந்த பைக், லேப்டாப், ஆண்ட்ராய்டு போன் வேண்டும். யூனிஃபார்ம் இரண்டு செட் அவர்களே தந்து, முதல் மூன்று மாதம் 900 ரூபாய் வீதம் பிடிப்பார்களாம். தினமும் 70, 80 கிலோமீட்டர் ஓட வேண்டியிருக்கும். என்னிடம் 2021 மாடல் 100 சிசி பைக் இருக்கிறது, லேப்டாப் இல்லை. மனைவி, 2 வயதுக் குழந்தை. மாதம் 5,800 கூடுதல் என்பதால் சேரலாம் என்று நினைக்கிறேன். சரிதானா?"

தம்பி, இப்போது சொல்லியிருக்கிற நிபந்தனைகளில் சேராதீர்கள். சம்பளப் பட்டியல் போடும் வேலையில் பதினான்கு வருடம் இருந்திருக்கிறேன், ஃபீல்டு ஆட்கள் நிறைய பேருக்குச் சம்பளம் போட்ட கை இது. நாலாவது ஐந்தாவது மாதத்தில் ஒருவர் வந்து நிற்பார், "சார், சம்பளம் ஏறித்தான் வந்தேன், ஆனா கையில ஒண்ணும் நிக்க மாட்டேங்குது" என்பார். பெரும்பாலும் அதற்கு முந்தின வாரம்தான் பைக்குக்குப் பின் டயர் மாற்றியிருப்பார், இல்லையென்றால் செயின் செட். அவருடைய சம்பளச் சீட்டில் தப்பு எதுவும் இருக்காது. டயர் சம்பளச் சீட்டில் வராது, அவ்வளவுதான்.

அதனால் முதலில் பைக்கைப் பார்த்துவிடலாம், மற்றதெல்லாம் சில்லறை. 75 கிலோமீட்டர், மாதம் 24 நாள் என்று வைத்தால் 1,800 கிலோமீட்டர், வருடத்துக்கு 21,600. வீட்டு உபயோகத்தில் மூன்று நான்கு வருடம் ஓட வேண்டியதை ஒரே வருடத்தில் ஓட்டப் போகிறீர்கள். பெட்ரோல் லிட்டர் 101 ரூபாய் என்று வைத்துக்கொள்கிறேன். கம்பெனி விளம்பரத்தில் வரும் மைலேஜை மறந்துவிடுங்கள், கிராமத்து ரோட்டில் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை நிறுத்தி நிறுத்தி எடுக்கிற பழைய வண்டி 50 கொடுத்தால் நல்ல வண்டி. உங்களுடையது எவ்வளவு கொடுக்கிறது என்று ஊகிக்க வேண்டாம், டேங்கை வாய் வரை நிரப்பி மீட்டரைக் குறித்துக்கொண்டு, ஒரு 150 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு அதே பங்கில் மறுபடி வாய் வரை நிரப்புங்கள், இரண்டாவது முறை எத்தனை லிட்டர் பிடித்ததோ அதைக் கொண்டு ஓடிய தூரத்தை வகுத்தால் உண்மை தெரிந்துவிடும். 50 என்றே வைத்தால் மாதம் 36 லிட்டர், 3,636 ரூபாய். அலவன்ஸ் 2,500 இங்கேயே காலியாகிவிட்டது, இன்னும் ஒரு போல்ட்டைக்கூட நாம் தொடவில்லை.

அப்புறம் பராமரிப்பு. 3,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை ஆயில் மாற்றி சர்வீஸ் செய்தால் ஆயிரம் ரூபாய் ஆகும் என்று வையுங்கள், நீங்கள் ஓட்டப்போகிற ஓட்டத்துக்கு ஐம்பது நாளுக்கு ஒரு முறை அந்தச் செலவு வரும். இது போக பின் டயர், முன் டயர், செயின் செட், பிரேக் ஷூ, கிளட்ச் பிளேட், பேட்டரி, கேபிள், பஞ்சர். இவையெல்லாம் ஒரே மாதத்தில் வராது, அதனால்தான் யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆனால் 20,000 கிலோமீட்டர் ஓடுவதற்குள் இவற்றில் முக்கால்வாசி ஒரு சுற்று வந்துவிடும், உங்களுக்கு அது ஒரே வருடம். என் அனுபவத்தில் சர்வீஸும் சாமானும் சேர்த்து கிலோமீட்டருக்கு 70 பைசாவுக்குக் குறையாது. மாதம் 1,260.

மூன்றாவதாக வண்டியின் விலை. வண்டி எப்படியும் பழசாகத்தான் போகிறது, அதற்கு இந்த வேலையா பழி என்று கேட்பீர்கள். நியாயம்தான், முழுத் தேய்மானத்தையும் வேலையின் தலையில் கட்டக்கூடாது, வேலையால் வரும் கூடுதல் தேய்மானத்தை மட்டும் எடுக்க வேண்டும். அதற்கு ஒரு சுலபமான வழி: பழைய பைக் விற்கும் கடைக்குப் போய், உங்கள் மாடலிலேயே இன்னும் மூன்று வருடம் பழைய வண்டியாகக் காட்டி, வீட்டு உபயோகத்தில் ஓடியது என்ன விலைக்குப் போகும், லைன் ஓடி மீட்டரில் தொண்ணூறாயிரம் காட்டுகிற வண்டி என்ன விலைக்குப் போகும் என்று இரண்டு விலை கேளுங்கள். (கடைக்காரர் மீட்டரைத் திருப்பி வைப்பதைப் பற்றியும் ஏதாவது சொல்வார், அதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.) வித்தியாசம் 14,000 என்று வந்தால், மூன்று வருட ஓட்டமான 64,800 கிலோமீட்டரால் வகுக்க, கிலோமீட்டருக்குச் சுமார் 22 பைசா. மாதம் 390. ஆக பெட்ரோல், பராமரிப்பு, தேய்மானம் மூன்றும் சேர்ந்து 5,286, கிலோமீட்டருக்கு 2 ரூபாய் 94 பைசா. பெட்ரோல் செலவில் கிட்டத்தட்ட இன்னொரு பாதி அளவுக்குச் செலவு பெட்ரோல் பங்குக்கு வெளியே இருக்கிறது.

இனி மற்றவை. லேப்டாப் 36,000 என்று வைப்போம். பையில் மாட்டி பைக்கில் தூக்கிக்கொண்டு அலைகிற லேப்டாப் மூன்று வருடத்துக்கு மேல் ஒழுங்காக இருக்காது, கடைசியில் 6,000-க்குப் போனால் 30,000 ரூபாயை 36 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 833. தவணையில் வாங்கினால் முதல் வருடம் கையிலிருந்து போவது மாதம் 3,000 ரூபாய்க்கு மேல், அது வேறு வலி. போன் உங்களிடம் இருக்கிறது, ஆனால் வெயிலில் ஹேண்டில் ஸ்டாண்டில் மாட்டி நாள் முழுக்க மேப்பும் வசூல் ஆப்பும் ஓட்டினால் நாலு வருடம் வர வேண்டிய 14,000 ரூபாய் போன் இரண்டு வருடத்தில் பேட்டரி உப்பி நிற்கும். கூடுதல் செலவு மாதம் 290. இரண்டாவது சிம் ஒன்று வாங்கியே ஆக வேண்டும், கடன்காரர்களிடம் சொந்த நம்பரைக் கொடுத்தால் ராத்திரி பத்து மணிக்கும் போன் வரும். 28 நாள் ரீசார்ஜ் என்பது மாத ரீசார்ஜ் இல்லை, வருடத்துக்கு 13 முறை வரும், 349 ரூபாய் பிளான் என்றால் மாதக் கணக்கில் 378. போனும் சிம்மும் சேர்த்து 670 என்று வைக்கிறேன்.

யூனிஃபார்ம் 2,700, ஷூ ஒரு 1,200, வருடம் ஒரு முறை மாற்றுகிறோம் என்றால் மாதம் 325. இஸ்திரி வீட்டிலேயே போட்டுக்கொள்வீர்கள் என்று விட்டுவிட்டேன், மழைக் கோட்டையும் விட்டுவிட்டேன். சாப்பாட்டை விட முடியாது. இன்று மதியச் சாப்பாடு உங்களுக்குத் தனிச் செலவே இல்லை. பவானிக்கு வடக்கே அம்மாபேட்டை பக்கமோ அந்தியூர் பக்கமோ சுற்றும்போது பாதி நாளாவது வெளியில்தான் சாப்பிடுவீர்கள், டிபன் பாக்ஸ் கொண்டு போகிற நாளிலும் டீ, வடை, தண்ணீர் பாட்டில் உண்டு. 1,500 என்பது கஞ்சத்தனமான கணக்கு.

கூட்டிப் பாருங்கள். பைக் 5,286, லேப்டாப் 833, போனும் சிம்மும் 670, உடுப்பு 325, சாப்பாடு 1,500, மொத்தம் 8,614. கையில் வரும் 23,000-இல் இதைக் கழித்தால் 14,386. இப்போது வாங்குவதைவிட 2,800 ரூபாய் குறைவு. புதிய வேலை இன்றைய வேலைக்குச் சமமாக ஆவதற்கே கையில் 25,800 வர வேண்டும். இன்றைய வேலைக்கு இந்த மாதிரிச் செலவு எதுவும் இல்லையா என்று நானும் தேடிப் பார்த்தேன், சைக்கிள் டியூபைத் தவிர ஒன்றும் அகப்படவில்லை.

இதிலும் இன்னொரு ஓட்டை இருக்கிறது, அதை நீங்கள் கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன். எழுபது, எண்பது கிலோமீட்டர் என்று அவர்கள் சொன்னது எங்கிருந்து எங்கே? கம்பெனிக் கணக்கில் நாள் தொடங்குவது கிளை வாசலில். வீரப்பன்சத்திரத்திலிருந்து பவானி கிளைக்குப் போக 15, வர 15 என்று வைத்தால் தினமும் 30 கிலோமீட்டர் யாருடைய கணக்கிலும் இல்லை. மாதம் 720 கிலோமீட்டர், மேலே சொன்ன விலையில் 2,117 ரூபாய். அதையும் கழித்தால் கையில் நிற்பது 12,270 அளவுதான். எனவே முதல் கேள்வியே "கிலோமீட்டர் எங்கிருந்து எண்ணப்படும்?" என்பதாக இருக்கட்டும். குழுக்கடன் கம்பெனிகளில் மையக் கூட்டம் காலை ஏழு மணிக்கெல்லாம் தொடங்கிவிடும், பெண்கள் வேலைக்குப் போவதற்கு முன் வசூலித்தாக வேண்டும், அப்படியென்றால் நீங்கள் ஆறு மணிக்கு வண்டியைக் கிளப்ப வேண்டும். சாயங்காலம் கிளைக்கு வந்து பணத்தைக் கட்டிக் கணக்கை ஒப்படைக்காமல் வீட்டுக்குப் போக முடியாது. வீடு திரும்ப ஏழு, ஏழரை ஆகிவிடும். மதியம் இடையில் ஒதுங்கும் நேரத்தைத் தாராளமாகக் கழித்துவிட்டு ஒரு நாளைக்கு 11 மணி நேரம் என்று வைத்தாலும் 24 நாளுக்கு 264 மணி. கடையில் 26 நாள், 9 மணி நேரம், 234 மணி. இப்போது மணிக்கு 73 ரூபாய் சம்பாதிக்கிறீர்கள், அங்கே போனால், வீட்டுக்கும் கிளைக்கும் போகும் தூரத்தைச் சேர்க்காமலே, 54.

இன்சென்டிவ் இருக்கிறதே என்று அவர்கள் சொல்வார்கள். இருக்கலாம். அதே கிளையில் வேலை பார்க்கும் ஒருவரிடம் கடைசி ஆறு மாதத்தில் எவ்வளவு வந்தது என்று கேளுங்கள், அதில் மிகக் குறைந்த மாதத்தை மட்டும் கணக்கில் எடுங்கள். நல்ல மாதத்தை வைத்துக் குடும்பச் செலவுக்குத் திட்டம் போடக் கூடாது.

புதிய வேலையில் இ.எஸ்.ஐ. என்ன ஆகும் என்று உங்கள் கடிதத்தில் ஒன்றும் இல்லை, ஆனால் குழந்தை இருக்கிற வீட்டில் இது பெரிய விஷயம். உங்கள் இன்றைய மொத்தச் சம்பளம் 19,000 சொச்சம் இருக்க வேண்டும், 21,000-க்குள் இருப்பதால் இ.எஸ்.ஐ. வருகிறது, உங்கள் பங்கு வெறும் 0.75 சதவீதம், முதலாளி 3.25 கட்டுகிறார், அதற்கு மனைவி குழந்தை எல்லோருக்கும் சிகிச்சையும் மருந்தும் உண்டு. வேலையில் அடிபட்டாலும் உண்டு. புதிய இடத்தில் கையில் 23,000 என்றால் பி.எஃப். சேர்த்து மொத்தம் 24,800 பக்கம் போகும், பெட்ரோல் அலவன்ஸை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும் 21,000-ஐத் தாண்டிவிடும். அதாவது தினமும் பைக்கில் ஓடப் போகிற நேரம் பார்த்து இ.எஸ்.ஐ. கார்டு கையை விட்டுப் போகிறது. கம்பெனி குரூப் மெடிக்ளெய்ம் தருகிறதா, குடும்பத்துக்கும் சேர்த்தா, உங்களுக்கு மட்டுமா என்று கேளுங்கள். இல்லையென்றால் ஒரு குடும்ப பாலிசிக்கு பிரீமியம் கேட்டு 12-ஆல் வகுத்து அதையும் கழியுங்கள், மேலே உள்ள கணக்கில் நான் அதைச் சேர்க்கவில்லை.

பைக் இன்சூரன்ஸையும் எடுத்துப் பாருங்கள். நாலு வருட வண்டிக்குப் பலர் தேர்டு பார்ட்டி மட்டும்தான் வைத்திருப்பார்கள், நீங்கள் இடித்தவருக்கு அது பணம் கொடுக்கும், உங்கள் வண்டி நசுங்கினால் ஒரு பைசா வராது. உரிமையாளருக்கான 15 லட்ச விபத்துக் காப்பீடு பாலிசியில் இருக்கிறதா என்றும் பாருங்கள், ஆர்.சி. அப்பா பெயரில் இருந்தால் அது அவருக்குத்தான், உங்களுக்கு இல்லை. வசூலுக்குச் சொந்த பைக்கில் போவது சாதாரண தனியார் பாலிசிக்குள் அடங்கும், ஆனால் நாளைக்கே "வழியில் இந்தச் சாமானையும் டெலிவரி கொடுத்துவிட்டு வா" என்று வாடகைக்குச் சரக்கு ஏற்ற ஆரம்பித்தால் அடங்காது.

சரி, அவர்களிடம் என்ன கேட்பது? பெட்ரோல் "அலவன்ஸ்" வேண்டாம், கிலோமீட்டர் கணக்கில் "ரீஇம்பர்ஸ்மென்ட்" வேண்டும், அதுவும் சம்பளத்துக்கு வெளியே. இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், ஆனால் அலவன்ஸ் 2,500 என்று எழுதிவிட்டால் உங்கள் ஏரியாவில் மூன்று கிராமம் கூடினாலும், பெட்ரோல் ஏறினாலும் அது 2,500 தான். சம்பளத்துக்கு உள்ளே அடக்கிவிட்டதால் உண்மையான சம்பளம் 20,500 தான், பெட்ரோலுக்கு உங்கள் பணத்தையே உங்களுக்குத் திருப்பித் தருகிறார்கள். கிலோமீட்டருக்கு 3 ரூபாய் 50 பைசா என்று கேளுங்கள், 3-க்குக் கீழே இறங்க வேண்டாம். அடுத்து, பவானிக்குப் பதில் ஈரோட்டுக் கிளை. மூன்றாவது லேப்டாப்: அதை வைத்து ஃபீல்டில் என்ன செய்ய வேண்டும் என்று கேளுங்கள், இந்த மாதிரி வேலையில் வசூல் பெரும்பாலும் போன் ஆப்பில்தான் நடக்கும், லேப்டாப் ராத்திரி ரிப்போர்ட்டுக்கு மட்டும் என்றால் கிளையில் இருக்கிற கம்ப்யூட்டரே போதும். இந்த மூன்றும் கிடைத்தால் கணக்கு மாறுகிறது. 20,500 சம்பளம், 1,800 கிலோமீட்டருக்கு 6,300, மொத்தம் 26,800, செலவு லேப்டாப் போக 7,781, கையில் 19,000. இப்போதையதைவிட 1,800 ரூபாய் கூடுதல், நேரம் அதிகம், இ.எஸ்.ஐ. கிடையாது. ஃபீல்டு அனுபவம் வேண்டும், இரண்டு வருடத்தில் கிளை மேலாளர் ஆக வேண்டும் என்ற எண்ணம் இருந்தால் அந்த விலைக்குப் போகலாம். வெறும் பணத்துக்கு என்றால் அதற்கும் நான் யோசிப்பேன்.

யூனிஃபார்ம் பிடித்தம் பற்றி: சம்பளத்தில் எதையெல்லாம் பிடிக்கலாம் என்று 1936-ஆம் வருடச் சம்பளப் பட்டுவாடாச் சட்டத்திலேயே பட்டியல் போட்டு வைத்திருந்தார்கள், அதற்குப் பதிலாக வந்திருக்கிற 2019 ஊதியச் சட்டத் தொகுப்பிலும் அதே மாதிரிப் பட்டியல்தான். யூனிஃபார்ம் அதில் பெயர் சொல்லி இல்லை. வேலைக்குத் தேவையான கருவிகளைக் கொடுத்துவிட்டு அதைச் சேவை என்று சொல்லிப் பிடிக்க முடியாது என்று தெளிவாகவே எழுதியிருக்கிறது. கம்பெனி லேப்டாப்போ டேப்லெட்டோ கொடுத்து மாதாமாதம் பிடிக்க வந்தால் இதைச் சொல்லுங்கள். ஆனால் 2,700 ரூபாய் உடுப்புக்காகச் சேரும் முன்பே சட்டம் பேச ஆரம்பித்தால், கிலோமீட்டர் ரேட்டைப் பேசுவதற்கு இருக்கிற கொஞ்ச நஞ்ச தெம்பும் போய்விடும். ஆறு மாதத்துக்குள் விலகினால் மீதிப் பிடித்தம் என்ன ஆகும் என்பதை மட்டும் எழுத்தில் கேட்டுவிடுங்கள்.

பதில் சொல்வதற்கு முன் ஒரு நாள் கடையில் லீவு போட்டுவிட்டு, அந்தக் கிளையில் இருக்கும் ஃபீல்டு ஆபீசர் ஒருவருடன் உங்கள் பைக்கிலேயே பின்னால் போய்ப் பாருங்கள். காலை வீட்டை விட்டுக் கிளம்பும்போது மீட்டரைக் குறியுங்கள், வீட்டுக்கு வந்ததும் குறியுங்கள். டீக்கடையில் நிற்கும்போது அவருடைய பைக்கின் மீட்டரையும் எட்டிப் பாருங்கள், வண்டி எத்தனை மாதம் பழசு என்று கேளுங்கள். அவர் கடைசியாக எப்போது டயர் மாற்றினார் என்பதையும். அதுவரை கடைக்காரர் எத்தனை தள்ளுபடி சொன்னாலும் லேப்டாப் வாங்கிவிடாதீர்கள், அப்படியே வேலையில் சேர்ந்தாலும் முதல் மாதத்துக்கு யாரிடமாவது இரவல் வாங்கிச் சமாளித்துவிட்டு, உண்மையிலேயே எத்தனை நாள் அதைத் திறந்தீர்கள் என்று எண்ணிவிட்டு அப்புறம் வாங்கிக்கொள்ளலாம்.